பாதி நாளுக்குப் பாதிப் படி: அந்த நாள் எங்கே தொடங்குகிறது?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக் கம்பெனிகளில் வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தினப்படி உண்டு. சிலர் பேட்டா என்பார்கள், டூர் பில்லில் டி.ஏ. என்று எழுதுவார்கள். பல இடங்களில் இதற்கான விதி ஒரே வரிதான்: முழு நாளுக்கு இவ்வளவு ரூபாய், பாதி நாளுக்கு அதில் பாதி. தொகை எவ்வளவு என்பது அந்த வரியில் இருக்கிறது. நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது இல்லை. மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் மேசையில் எழும் தகராறில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

நம் ஊர்ப் பயணங்களின் வகையும் இதற்கு ஒரு காரணம். சென்னை சுமார் 140 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்பி, வேலையை முடித்து, இரவே வீடு திரும்பிவிடலாம். கோயம்புத்தூர், கேரளா என்றால் காட்பாடியில் இரவு வண்டி ஏறிக் காலையில் இறங்குவோம். ஒன்று, விடிந்ததிலிருந்து இரவு வரை நீளும் ஒரே நாள் பயணம். மற்றொன்று, இரண்டு முனையிலும் நள்ளிரவைத் தாண்டும் பயணம். எந்தக் கணக்கு முறையில் ஓட்டை இருந்தாலும் இந்த இரண்டிலும்தான் அது தெரியும்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒரு சிறு கம்பெனி. ஆற்காட்டில் குடியிருக்கும் அதன் டெக்னீஷியன் ஒருவர் கோயம்புத்தூருக்குப் போகிறார். செவ்வாய் இரவு 9.30க்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். 11 மணிக்குக் காட்பாடியில் ரயில். புதன், வியாழன் இரண்டு நாளும் வேலை. வியாழன் இரவு வண்டி பிடித்து, வெள்ளி காலை 4.30க்குக் காட்பாடியில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, 5.45க்கு வீடு வந்து சேருகிறார். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று தினப்படி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகையையும் பயணச் சீட்டையும் கம்பெனி தனியாகக் கொடுத்துவிடுகிறது. படி என்பது சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் மட்டும்.

முதல் வகைக் கணக்கில் மணி பார்ப்பதே இல்லை. புறப்பட்ட தேதிக்குப் பாதி, திரும்பிய தேதிக்குப் பாதி, நடுவில் உள்ள தேதிகளுக்கு முழுசு. செவ்வாய் 300, புதன் 600, வியாழன் 600, வெள்ளி 300. மொத்தம் 1800.

இரண்டாவது வகையில் தேதிவாரியாக மணி பார்ப்பார்கள். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள். அந்த நாளுக்குள் 6 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் ஒன்றுமில்லை, 6 முதல் 12 மணி நேரம் வரை பாதி, 12க்கு மேல் போனால் முழுசு. செவ்வாய்க்கிழமை அவர் வெளியே இருந்தது 9.30 முதல் 12 வரை, இரண்டரை மணி நேரம். அதற்குப் படி இல்லை. வெள்ளிக்கிழமை 12 முதல் 5.45 வரை, ஐந்தே முக்கால் மணி நேரம். அதற்கும் இல்லை. மிச்சம் புதனும் வியாழனும். மொத்தம் 1200.

மூன்றாவது வகை தேதியைப் பார்ப்பதில்லை. கிளம்பிய நிமிஷத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். செவ்வாய் இரவு 9.30 முதல் வியாழன் இரவு 9.30 வரை இரண்டு முழு நாள். அங்கிருந்து வெள்ளி காலை 5.45 வரை மிச்சம் எட்டேகால் மணி நேரம். அது 6க்கும் 12க்கும் இடையில் வருவதால் பாதி. மொத்தம் இரண்டரை நாள், 1500.

ஆள் ஒருவர், பயணம் ஒன்று, "பாதி நாளுக்குப் பாதி" என்ற வரியும் ஒன்று. அதிலிருந்து 1200, 1500, 1800 என்று மூன்று தொகை வருகிறது. மூன்றிலும் கூட்டல் பிழை கிடையாது.

"அண்ணே, செவ்வாய்க்கிழமைக்கு ஏன் ஒண்ணும் போடல?" என்று அவர் கேட்பார். "ராத்திரிதானப்பா கிளம்பின, மூணு மணி நேரம்கூட ஆகலையே" என்பார் கணக்குப் பிள்ளை. அவரவர் மனதில் இருக்கும் நாளின்படி இருவர் சொல்வதும் சரி. விதியை எழுதியவர்தான் எந்த நாள் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

இந்த மூன்று முறையும் உலகத்தில் நடைமுறையில் இருக்கிறவைதான். ஆம்பூர் ஷூக்களை நிறைய வாங்கும் ஜெர்மனியில் வருமான வரிக் கணக்குக்கு முதல் முறையை வைத்திருக்கிறார்கள். உள்நாட்டில் முழு நாளுக்கு 28 யூரோ. வெளியே இரவு தங்கும் பயணம் என்றால் புறப்படும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் 14 யூரோ. அந்த இரண்டு நாளிலும் எத்தனை மணி நேரம் வெளியே இருந்தீர்கள் என்று கேட்பதில்லை. தங்காமல் அன்றே திரும்பினால் 8 மணி நேரத்துக்கு மேல் போயிருக்க வேண்டும், அப்போதும் 14 யூரோதான்.

நம் மத்திய அரசு ஊழியர்களுக்கு இரண்டாவது முறை. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் விதி, வெளியே இருந்த நேரத்தை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை நாள்வாரியாக எண்ணச் சொல்கிறது. ஆனால் அங்கே பாதி என்ற படியே இல்லை. 6 மணி நேரத்துக்குள் என்றால் 30 சதவீதம், 6 முதல் 12 வரை 70 சதவீதம், 12க்கு மேல் முழுசு. நம் டெக்னீஷியனின் பயணத்தை இதில் போட்டால் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் 180, 180 கிடைக்கும், மொத்தம் 1560. அடிமட்டத்தில் சுழியம் வைக்காததால் இரவு வண்டிக்காரர் முழுசாக ஏமாறுவதில்லை. இந்த விதியில் எனக்குப் பிடித்த அம்சம் அதுதான்.

போலந்தில் உள்நாட்டுப் பயணத்துக்கு மூன்றாவது முறை. ஒரு நாளுக்கு மேல் நீளும் பயணத்தில் ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் முழுப் படி. மிச்சம் 8 மணி நேரம் வரை இருந்தால் பாதி, அதைத் தாண்டினால் அதற்கும் முழுசு. நம் ஆளின் மிச்சம் எட்டேகால் மணி என்பதால் அங்கே மூன்று நாள் படி வரும். பஸ் கொஞ்சம் சீக்கிரம் கிடைத்து 5.25க்கே வீடு சேர்ந்திருந்தால் இரண்டரை நாள்தான். எந்த முறையிலும் எங்காவது ஒரு கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது, கோட்டின் ஓரத்தில் நிற்பவருக்குச் சில நிமிஷங்கள் நூற்றுக்கணக்கான ரூபாயாக மாறிவிடுகின்றன.

இதுவரை பார்த்ததை வைத்து முதல் முறைதான் தொழிலாளிக்கு நல்லது என்று நினைக்கத் தோன்றும். பகல் பயணத்தைப் போட்டுப் பார்த்தால் அது தலைகீழாகிவிடும். அதே டெக்னீஷியன் காலை 5.30க்குக் கிளம்பிச் சென்னை மாதவரத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு இரவு 10 மணிக்கு வீடு திரும்புகிறார். பதினாறரை மணி நேரம், மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு. மணி பார்க்கிற இரண்டு முறையிலும் இது 12 மணி நேரத்தைத் தாண்டுவதால் முழுப் படி, 600. முதல் முறையில் புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் ஒன்றே, ஆகவே 300. சில இடங்களில் புறப்பட்டதற்கு ஒரு பாதி, திரும்பியதற்கு ஒரு பாதி என்று கூட்டி 600 கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் மதியம் 2 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குத் திரும்பியவருக்கும் 600 கொடுக்க வேண்டி வரும்.

பெங்களூர் போய் ஓர் இரவு தங்கி வருகிறவருக்கு நஷ்டம் இன்னும் அதிகம். திங்கள் காலை 6 மணிக்குக் கிளம்பி, செவ்வாய் இரவு 9 மணிக்குத் திரும்பினால் 39 மணி நேரம். ஆறு வேளைச் சாப்பாடும் வெளியேதான். தேதிவாரி மணிக் கணக்கில் திங்கள் 18 மணி நேரம், செவ்வாய் 21 மணி நேரம், இரண்டும் முழுசு, 1200. 24 மணி நேரக் கணக்கில் ஒரு முழு நாள், மிச்சம் 15 மணி நேரம் அதுவும் முழுசு, 1200. முதல் முறையில் பாதியும் பாதியும் சேர்ந்து வெறும் 600. இரவில் கிளம்பி விடியலில் திரும்புகிறவருக்குத் தாராளமாகக் கொடுத்த அதே விதி, பகல் முழுக்க அலைகிறவரின் கையிலிருந்து பாதியை எடுத்துக்கொள்கிறது.

எது நியாயம் என்று முடிவு செய்ய, படி எதற்காகத் தரப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்தால் ஆகாத, வெளியே இருப்பதால் மட்டும் ஆகும் செலவுக்காக அது. நம் டெக்னீஷியன் செவ்வாய் இரவு வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார், வெள்ளி காலை டிபன் வீட்டில்தான். வெளியே சாப்பிட்டது புதனும் வியாழனும் ஆறு வேளை. சாப்பாட்டை மட்டும் எண்ணினால் 1200 போதும் என்று முதலாளி வாதாடலாம், அந்த வாதத்தில் சத்து இருக்கிறது. ஆனால் காட்பாடி ஸ்டேஷனில் டீ, ரயிலில் தண்ணீர் பாட்டில், விடியலில் இறங்கியதும் ஒரு காபி, இதெல்லாம் பில் வராத செலவு. அந்தச் சில்லறைக்காகத்தான் படி என்ற ஏற்பாடே இருக்கிறது. எட்டேகால் மணி நேரத்தைச் செவ்வாயில் ஒரு துண்டு, வெள்ளியில் ஒரு துண்டு என்று நறுக்கி, இரண்டும் சின்னது என்று தள்ளிவிடுவது சரியில்லை. சேர்த்து எண்ணினால் அது ஒரு பாதி நாள். இரவு வண்டிப் பயணம் அதிகம் உள்ள கம்பெனிக்கு 24 மணி நேர முறைதான் பொருந்தும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரக்கு ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கடி போய்வரும் டிரைவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. ஒரே தேதியில் ஒரு பயணம் முடிந்து அடுத்தது தொடங்கும், துண்டு துண்டாகப் பாதிகள் குவியும். அவர்களுக்குத் தேதிவாரி மணிக் கணக்கே நல்லது.

அப்புறம், மணி எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்ற கேள்வி. இதையும் விதியில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். டிக்கெட்டில் அச்சான நேரத்தை வைத்து எண்ணுவது அக்கவுண்ட்ஸுக்குச் சுலபம். அப்படி எண்ணினால் செவ்வாய் இரவு 11 முதல் வெள்ளி காலை 4.30 வரை ஐம்பத்து மூன்றரை மணி நேரம். இரண்டு முழு நாள் போக மிச்சம் ஐந்தரை மணி நேரம், 6க்குக் கீழே, ஆகவே சுழியம். வீட்டிலிருந்து எண்ணினால் 1500, ஸ்டேஷனிலிருந்து எண்ணினால் 1200. ஆற்காட்டுக்கும் காட்பாடிக்கும் இடையிலான பஸ் பயணம் 300 ரூபாயைத் தின்றுவிடுகிறது. காட்பாடியிலேயே குடியிருப்பவருக்கும் குடியாத்தத்தில் குடியிருப்பவருக்கும் ஸ்டேஷன் கணக்கில் வித்தியாசமே தெரியாது. இரவு வண்டிக்கு எல்லோரும் வீட்டிலிருந்துதான் கிளம்புகிறார்கள். வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை எண்ணுவதே நடைமுறைக்கு ஏற்றது. ஆபீஸிலிருந்து நேராகக் கிளம்பினால் ஆபீஸ் கேட்டிலிருந்து எண்ணலாம்.

வீட்டிலிருந்து கிளம்பிய நேரத்துக்கு யார் சாட்சி என்று கேட்பார்கள். முழு நிரூபணம் தேவையில்லை, பொருந்திவருகிறதா என்று பார்த்தால் போதும். ஆற்காட்டிலிருந்து 11 மணி வண்டிக்கு 9.30க்குக் கிளம்பினேன் என்பது நம்பும்படி இருக்கிறது. 6 மணிக்கே கிளம்பினேன் என்றால் ஏன் என்று கேட்கலாம். கார் பயணமாக இருந்தால் பாஸ்டேக் கணக்கில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடந்த நேரம் நிமிஷத்தோடு இருக்கும். வண்டி தாமதமானால் உண்மையாக வந்து சேர்ந்த நேரத்தையே எழுத வேண்டும். இரவெல்லாம் ரயில் நின்றுகொண்டிருந்ததற்கு ஊழியர் பொறுப்பல்ல.

பயணம் போன இடத்தில் சாப்பாடு போட்டுவிட்டால் என்ன செய்வது? கோயம்புத்தூர் கம்பெனி கேன்டீனில் மதியச் சாப்பாடு இலவசம், தங்கும் விடுதியில் காலை டிபன் வாடகையோடு சேர்த்தி. ஜெர்மானிய விதியில் இதற்குத் தெளிவான கழிவு உண்டு: காலை உணவுக்கு 20 சதவீதம், மதியத்துக்கும் இரவுக்கும் 40, 40. கவனிக்க வேண்டியது, இந்தச் சதவீதம் எப்போதும் முழு நாள் தொகையின் மீதுதான். 14 யூரோ நாளில் மதியச் சாப்பாட்டை வேலை கொடுத்தவர் ஏற்பாடு செய்தால் 28இல் 40 சதவீதமான 11.20 கழியும், கையில் நிற்பது 2.80. கடுமையாகத் தெரிந்தாலும் காரணம் இருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை, நாள் முழுசா பாதியா என்பதைப் பொறுத்து மாறாது. இங்கே கழிவு வைக்க விரும்புகிற கம்பெனி, பாதி நாளுக்குக் கழிவையும் பாதியாக்குகிறதா என்பதை விதியிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிறு கம்பெனிகளுக்கு என் யோசனை வேறு: கழிவே வேண்டாம், தொகையைக் கொஞ்சம் அடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரிப்பதில் மிச்சமாகும் பணத்தைவிட மனக்கசப்புதான் அதிகம்.

கணக்கை எக்செல்லில் போடுகிறவர்கள் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நேரத்தை மட்டும் ஒரு கட்டத்தில் எழுதிக் கழித்தால் நள்ளிரவைத் தாண்டும் பயணத்துக்கு எதிர்மறை விடை வரும், இல்லையென்றால் இரண்டு நாள் காணாமல் போகும். தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுத வேண்டும். கிளம்பியது A2, திரும்பியது B2 என்றால், 24 மணி நேர முறைக்கு C2இலும் D2இலும் இவற்றைப் போடலாம்:

```
=ROUND((B2-A2)*24,2)
=INT(C2/24)+IF(MOD(C2,24)<6,0,IF(MOD(C2,24)<=12,0.5,1))
```

C2இல் மொத்த மணி, D2இல் நாள் எண்ணிக்கை. நம் கோயம்புத்தூர்ப் பயணத்துக்கு 56.25 மணி, 2.5 நாள் வர வேண்டும். ROUND இல்லாவிட்டால் சரியாக 12 மணி நேரம் என்பது உள்ளுக்குள் 12.0000001 மாதிரி நின்று, பாதிக்குப் பதில் முழு நாள் காட்டிவிடலாம். சரியாக 6, சரியாக 12 என்று வரும் பயணங்களுக்கு எந்தப் பக்கம் என்பதையும் சூத்திரம் தானாக முடிவு செய்யக் கூடாது. விதி சொல்ல வேண்டும், சூத்திரம் அதைப் பின்பற்ற வேண்டும். இங்கே சரியாக 6க்குப் பாதி, சரியாக 12க்கும் பாதி என்று வைத்திருக்கிறேன்.

ஆக, விதியை இப்படி எழுதலாம்: "படிக்கான நேரம் வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ கிளம்பியதில் தொடங்கி, திரும்பிச் சேர்ந்ததில் முடியும். ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் முழுப் படி. மிச்ச நேரம் 6 மணிக்குக் குறைந்தால் படி இல்லை, 6 முதல் 12 வரை பாதி, 12க்கு மேல் முழுசு. தாமதமானால் உண்மையான நேரம்." ஐந்தாறு வரிதான். கணக்குப் பிள்ளையும் டெக்னீஷியனும் தனித்தனியாகப் போட்டாலும் ஒரே தொகை வரும்.

மணிக் குறிப்பை எழுதி வைப்பதில் வரிக் கணக்கும் இருக்கிறது. வழக்கமான வேலை இடத்தை விட்டு வெளியே இருப்பதால் ஆகும் அன்றாடச் செலவுக்காகத் தரும் படிக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(14) பிரிவிலும் 2பிபி விதியிலும் விலக்கு இருந்தது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அது உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தில் வருவதால், பிரிவு எண்ணைக் குறிப்பிட வேண்டியவர்கள் புதிய எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த விலக்கின் அளவு உண்மையாகச் செலவான தொகை வரைதான். பயணம் போனாலும் போகாவிட்டாலும் மாதம் 5000 என்று நிலையாகக் கொடுத்துவிட்டு அதற்குத் தினப்படி என்று பெயர் வைத்தால், வரி அதிகாரி அதைச் சம்பளமாகவே பார்ப்பார். அதனால் டூர் பில்லில் ஊர், வேலை, கிளம்பிய தேதியும் மணியும், திரும்பிய தேதியும் மணியும், நாள் எண்ணிக்கை, தொகை ஆகியவை இருக்க வேண்டும். டிக்கெட் நகலைப் பில்லோடு சேர்த்துப் பின் அடித்துவிட வேண்டும். பயணத்துக்கு முன் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அதையும் அதே பில்லில் கழித்து, திரும்பி வந்த வாரத்திலேயே செட்டில் செய்துவிடுவது நல்லது. இரண்டு மாதம் கழித்து எழுதினால் வெள்ளி காலை வீடு சேர்ந்தது 5.45ஆ, 6.15ஆ என்று யாருக்கும் நினைவிருக்காது.